ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வரட்டும், சார்

எங்கள் குடியிருப்பை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். நாற்பது வருஷத்துக் கட்டடம், இருபத்து நான்கு வீடுகள். பில்டரோடு போடும் ஒப்பந்தத்தின் முதல் வரைவு நாற்பத்தாறு பக்கம், வக்கீல் ஆங்கிலத்தில். அதைப் படித்த யாருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரு வாக்கியம் ஒரு பக்கத்தில் ஆரம்பித்து அடுத்த பக்கத்தில்தான் முடிந்தது.

மூன்றாம் மாடியில் இருப்பவர் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர். "நான் எளிமையாக மாற்றி எழுதித் தருகிறேன்" என்று முன்வந்தார். மூன்று வாரம் உட்கார்ந்து முப்பத்தெட்டு பக்கமாகச் சுருக்கிக் கொடுத்தார். எல்லாரும் படித்துச் சந்தோஷப்பட்டார்கள். பில்டர் தரப்பிலும், "நன்றாக வந்திருக்கிறது, அடுத்த வாரமே கையெழுத்துப் போட்டுவிடலாம்" என்றார்கள்.

நான் ஒருவன்தான் முட்டுக்கட்டை போட்டேன். அதற்காகச் சங்கக் கூட்டத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "உங்களுக்கு எதிலேயும் குற்றம் கண்டுபிடிக்கணும்" என்றார் ஒருவர். ஏன் அப்படிச் செய்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். உங்களில் பலருடைய வீடுகளும் இதே வயதுதான். நாளைக்கு உங்கள் கையிலும் இப்படி ஒரு கட்டுக் காகிதம் வரும்.

ஒப்பந்தத்தின் ஆரம்பத்தில் ஒரு பட்டியல் இருக்கும். இன்ன சொல் வந்தால் அதற்கு இன்ன பொருள் என்று வரிசையாகச் சொல்லியிருப்பார்கள். அவற்றை வரையறைச் சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அவற்றின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போடுவார்கள். பெரிய எழுத்தைப் பார்த்தால் பட்டியலுக்குப் போய்ப் பொருள் பார்த்துக்கொள் என்று அர்த்தம்.

எங்கள் வரைவில் அப்படி ஒரு சொல், 'பொசஷன் டேட்'. அதன் பொருள் மூன்று நிபந்தனைகள். சி.எம்.டி.ஏ.விடமிருந்து பணி நிறைவுச் சான்றிதழ் வந்திருக்க வேண்டும். மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் கொடுத்திருக்க வேண்டும். பிறகு வீட்டுக்காரருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துப் பதினைந்து நாள் கழிந்திருக்க வேண்டும். மூன்றும் நிறைவேறினால்தான் அது பொசஷன் டேட். வக்கீல் இதை யோசித்துத்தான் எழுதியிருந்தார். செங்கல் வேலை முடிவதும், வீட்டில் குடியேற முடிவதும் ஒரே நாளில் நடப்பதில்லை.

பழைய வரைவில் இந்தச் சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று கணினியில் தேடி எண்ணினேன். முப்பத்தொன்று. புதிய வரைவில் எண்ணினேன். பதினொன்று. இருபது இடத்தில் காணோம்!

அன்று இரவு இரண்டு வரைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த இருபதையும் தேடினேன். நான்கு இடத்தில் குற்றமில்லை. இரண்டு வாக்கியத்தை ஒன்றாக்கியதில் ஒரு தடவை குறைந்திருந்தது, அவ்வளவுதான். மீதிப் பதினாறு இடத்தில் வேஷம் மாறியிருந்தது. ஏழு இடத்தில் 'கட்டடம் முடிந்தவுடன்', ஐந்து இடத்தில் 'ஒப்படைக்கும்போது', இரண்டில் 'வீடு தயாரானதும்', இரண்டில் 'டெலிவரி'.

மறுநாள் காலை நடைப்பயிற்சியில் ஆசிரியரிடம் கேட்டேன்.

"சார், பொசஷன் டேட்டை ஏன் மாற்றினீர்கள்?"

"ஒரே பக்கத்தில் அஞ்சு தடவை வந்தது சார். படிக்கச் சலிப்பா இருக்காதா? நாற்பது வருஷமா பசங்களுக்கு அதைத்தானே சொல்லிக் கொடுத்தேன், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போடாதேன்னு."

"எல்லாம் ஒரே அர்த்தம்தானே?"

"ஒரே அர்த்தம்தான்."

"ஒரே அர்த்தம் என்றால் ஒரே சொல்லையே போட்டுவிடலாமே சார்?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் என் வழக்கு முழுவதும் அந்த ஒரு கேள்விதான்.

கட்டுரைக்கு அவர் சொல்வது சரி. கல்யாணப் பத்திரிகைக்கும், இரங்கல் உரைக்கும், இந்த வலைப்பூவுக்கும்கூட அது சரியாக இருக்கலாம். ஒப்பந்தத்தில் அது விஷம். ஒப்பந்தத்தை வாசகர் ரசிப்பதற்காகப் படிப்பதில்லை. ஐந்து வருஷம் கழித்து, இரண்டு பேருக்கு மனஸ்தாபம் வந்த பிறகு, காசு கொடுக்காமல் தப்பிக்க வழி இருக்கிறதா என்று தேடுகிறவர் படிக்கிறார். அவர் கண்ணில் 'பொசஷன் டேட்' ஓரிடத்திலும் 'கட்டடம் முடிந்தவுடன்' இன்னோரிடத்திலும் பட்டால், முதல் வாதமே இதுதான்: "இரண்டும் ஒன்றென்றால் ஏன் இரண்டு விதமாக எழுதினார்கள்? வேறு என்று நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள்." ஆவணங்களுக்குப் பொருள் கொள்ளும்போது நீதிமன்றங்களும் பொதுவாக அங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன. ஒரே சொல்லுக்கு ஒரே பொருள், சொல் மாறினால் பொருளும் மாறியிருக்கும். இது உடைக்கவே முடியாத விதி அல்ல. முன்பின் பார்த்து, நோக்கம் பார்த்து, இரண்டும் ஒன்றுதான் என்று தீர்ப்பு வரவும் செய்யும். ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் நம் தலையில் விழும், வழக்குச் செலவும் வருஷங்களும் நம் கணக்கில் போகும்.

காசுக் கணக்குக்கு வருகிறேன். ஒன்பதாவது பிரிவு வாடகை ஈடு பற்றியது. கட்டி முடிக்கும்வரை நாங்கள் வெளியே வாடகை வீட்டில் இருக்க வேண்டும் அல்லவா? அதற்காக ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் 22,000 ரூபாய் பில்டர் தருவார். எதுவரை? பழைய வரைவில் பொசஷன் டேட் வரை. புதிய வரைவில் 'கட்டடம் முடியும் வரை'.

கட்டடம் முடிந்தது என்று யார் சொல்வது? பதினாறாவது பிரிவில் ஒரு வரி இருக்கிறது. கட்டடம் முடிந்ததற்குக் கட்டடக் கலைஞரின் கடிதமே சான்று என்று. அந்தக் கலைஞர் பில்டர் அமர்த்திய ஆள். அவர் மீது எனக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. வேலை முடிந்தால் முடிந்தது என்று எழுதுவார். ஆனால் அவர் எழுதிய நாளுக்குப் பிறகுதான் சான்றிதழுக்கு விண்ணப்பம், பார்வையிடல், திருத்தம், பிறகு மின் இணைப்பு, தண்ணீர் இணைப்பு எல்லாம். இதற்கு ஏழு மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்கு 1,54,000 ரூபாய். இருபத்து நான்கு வீட்டுக்கு 36,96,000 ரூபாய். 'பொசஷன் டேட்' என்ற இரண்டு வார்த்தையை 'கட்டடம் முடியும் வரை' என்று அழகுபடுத்தியதன் விலை இது.

இரண்டாம் மாடி மாமி கணவரின் குடும்ப ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறார். அந்த ஏழு மாத வாடகையை அவர் எங்கே போய்க் கேட்பார்? "அப்போது வாயால் சொன்னார்களே" என்று சொன்னால் எடுபடாது. எழுத்தில் வந்துவிட்ட ஒப்பந்தத்தை மாற்றிச் சொல்லும் வாய்மொழிச் சாட்சியத்தைச் சில விதிவிலக்குகள் தவிரச் சட்டம் ஏற்பதில்லை. 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 91, 92 பிரிவுகள் அதைச் சொல்லின. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்த விதி அப்படியே தொடர்கிறது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்றால், நானே இந்தத் தப்பைச் செய்தவன். வேலையில் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவு. மோட்டார்கள் வாங்கும் ஒப்பந்தம், மதிப்பு 18 லட்சம். பழைய மாதிரியில் 'டெலிவரி' என்ற சொல்லுக்குத் தெளிவாகப் பொருள் எழுதியிருந்தார்கள். சரக்கு நம் ஸ்டோர்ஸுக்கு வந்து, பரிசோதனையில் தேறிய நாள். தாமதமானால் வாரத்துக்கு அரை சதவீதம் பிடித்தம். மேலதிகாரி அதைப் புதிதாகத் தட்டச்சு செய்யச் சொன்னார். நான் என் ஆங்கிலப் புலமையைக் காட்ட, ஓரிடத்தில் 'டெலிவரி', ஓரிடத்தில் 'சப்ளை', பிடித்தம் பற்றிய பிரிவில் 'டெஸ்பாட்ச்' என்று மாற்றி மாற்றி எழுதினேன்.

சரக்கு குறித்த தேதிக்குள் லாரியில் ஏறிவிட்டது. வந்து, பரிசோதனை முடிந்து, ஸ்டோர்ஸில் கணக்கில் ஏறியபோது ஐந்து வாரம் தாமதம். இரண்டரை சதவீதம், 45,000 ரூபாய் பிடித்தோம். அந்த நாளில் அது சின்னத் தொகை இல்லை. சப்ளையர் மத்தியஸ்தத்துக்குப் போனார். "டெஸ்பாட்ச் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள், சரக்கைத் தேதிக்குள் அனுப்பிவிட்டேனே" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். மேலதிகாரி என்னைத் திட்டவில்லை. கோப்பை என் மேஜையில் வைத்து, நான் எழுதிய அந்த ஒரு சொல்லுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இந்த விஷயத்தில் நம் பழைய பத்திர எழுத்தர்களைப் பாருங்கள். அவர்கள் எழுதிய கிரயப் பத்திரத்தைக் கேலி செய்யாதவர் கிடையாது. 'தபசில் சொத்து' என்று ஆரம்பித்தால் கடைசிவரை தபசில் சொத்துதான். ஓரிடத்தில்கூட அது 'நிலம்' ஆகாது, 'மனை' ஆகாது, 'இடம்' ஆகாது. '1-வது பார்ட்டி' என்றால் எட்டுப் பக்கமும் 1-வது பார்ட்டிதான், நடுவில் 'விற்பவர்' என்று எட்டிப் பார்க்க மாட்டார். தமிழில் பெரிய எழுத்து என்று ஒன்று கிடையாது. அதனால் சொல்லை மாற்றாமல் இருப்பது ஒன்றுதான் அவர்களுக்கு அடையாளம். ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து எழுதியவருக்குத் தெரிந்தது, எம்.ஏ. படித்த எங்களுக்குத் தெரியவில்லை.

ஆசிரியருக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அவர் செய்ததில் முக்கால்வாசி நல்ல வேலை. ஒரு பக்க வாக்கியங்களை உடைத்தார். 'இதற்கு மேலே இதில் முன் சொல்லப்பட்டபடி' என்ற சரடுகளை வெட்டினார். யார் எதைச் செய்ய வேண்டும் என்பதை முன்னால் கொண்டுவந்தார். இவை எல்லாம் செய்யலாம், செய்யவும் வேண்டும். வாக்கியத்தை எப்படி வேண்டுமானாலும் மடக்குங்கள், ஒடியுங்கள். பெயரை மட்டும் தொடாதீர்கள். ஒரு பெயர் உங்களுக்குப் பிடிக்கவில்லையா? பட்டியலில் மாற்றிவிட்டு, வருகிற எல்லா இடத்திலும் அதையே மாற்றுங்கள். பாதி இடத்தில் பழசு, பாதி இடத்தில் புதுசு என்பதுதான் கூடாது.

சங்கத்தில் பத்து நாள் அவகாசம் வாங்கி, வரைவைச் சரிபார்த்தோம். எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில், ஒரு பக்கத்துக்கு ஒரு வரையறைச் சொல். பட்டியலில் இருப்பவை மட்டும் போதாது. ஒப்பந்தத்தின் நடுவில் 'இனிமேல் இன்னது என்று அழைக்கப்படும்' என்று திடீரென்று பிறப்பவையும் உண்டு, அவற்றையும் பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றும் பழையதில் எத்தனை, புதியதில் எத்தனை என்று எண்ணிக்கை எழுதினோம். எண்ணிக்கை நிறைய குறைந்திருந்தால் அங்கே திருட்டு நடந்திருக்கிறது என்று அர்த்தம். பட்டியலில் இருந்துகொண்டு உள்ளே ஒருமுறைகூட வராத சொல் இருந்தால் இன்னும் மோசம். அதன் வேலையை வேறு ஏதோ சொல் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அடுத்து, அந்தச் சொல்லுக்குப் பதிலாக ஒரு மனிதர் இயல்பாக என்னென்ன எழுதக்கூடும் என்று யோசித்து, அந்தச் சொந்தக்காரர்கள் எல்லாரையும் அதே பக்கத்தில் எழுதினோம். ஒவ்வொன்றையும் Ctrl+F போட்டுத் தேடினோம். கிடைத்த ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்வி: இங்கே சொல்ல வந்தது அதே விஷயமா, வேறு விஷயமா? அதே விஷயம் என்றால் பழைய சொல்லைத் திரும்பப் போட வேண்டும். வேறு விஷயம் என்றால் அதற்குத் தனியாகப் பெயர் வைக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை உண்டு. சொல்லை எடுத்துவிட்டு, பட்டியலில் இருக்கும் பொருளை முழுசாக அந்த வாக்கியத்தில் வைத்து உரக்கப் படிக்க வேண்டும். "சான்றிதழ் வந்து, இணைப்புகள் கொடுத்து, நோட்டீஸுக்குப் பின் பதினைந்து நாள் கழிந்த நாள் வரை வாடகை ஈடு தரப்படும்." பொருந்துகிறது. ஆனால் இன்னொரு பிரிவு இப்படி இருந்தது: வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துக் குறைகளைப் பட்டியல் போட்டுத் தர வேண்டும், பொசஷன் டேட்டிலிருந்து முப்பது நாளுக்குள். இங்கே பொருளை வைத்துப் படித்தால், குடியேறிய பிறகுதான் குறை சொல்லலாம் என்று வருகிறது. வேலையாட்கள் சைட்டில் இருக்கும்போதே அல்லவா சொல்ல வேண்டும்? இந்த ஓரிடத்தில் வக்கீல் எழுதியதுதான் தப்பு. ஆசிரியர் தெரியாமல் போட்ட 'கட்டடம் முடிந்தவுடன்' சரி! அதற்குக் 'கட்டுமான நிறைவு நாள்' என்று தனிப் பெயர் வைத்து, கட்டடக் கலைஞர் கடிதம் கொடுத்த நாள் என்று பொருள் எழுதிப் பட்டியலில் சேர்த்தோம். மீதிப் பதினைந்து இடத்தில் பொசஷன் டேட் திரும்ப வந்து உட்கார்ந்தது.

அவசரப்பட்டுக் கணினியிடம் 'எல்லாவற்றையும் மாற்று' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எங்கள் ஒப்பந்தத்தில் 'பழைய கட்டடம்', 'புதிய கட்டடம்' என்று இரண்டு பெயர்கள். ஆசிரியர் பல இடத்தில் வெறும் 'கட்டடம்' என்று எழுதியிருந்தார். செயலாளரின் பையன் கெட்டிக்காரன், ஒரு தட்டில் எல்லாக் 'கட்டடத்தையும்' 'புதிய கட்டடம்' ஆக்கிவிட்டான். விளைவு, 'புதிய புதிய கட்டடம்' என்று பல இடம். 'பழைய புதிய கட்டடம்' என்று சில இடம். இவையாவது சிரிப்பு வந்து கண்ணில் பட்டுவிடும். 'இடிக்கும் வரை கட்டடத்தின் சொத்து வரியை உரிமையாளர்கள் கட்டுவார்கள்' என்ற வரி 'புதிய கட்டடத்தின் சொத்து வரி' ஆகிவிட்டது. அது கண்ணில் படாமல் போயிருக்கும். ஒவ்வொரு இடமாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை.

கடைசியாக, பின்னிணைப்புகள். எல்லாரும் அதற்குள் களைத்துப்போய் அவற்றைப் படிக்கவே மாட்டார்கள். பெரும்பாலும் வேறு ஏதோ ஒப்பந்தத்திலிருந்து எடுத்து ஒட்டியவையாக இருக்கும், அதனால் சொற்களும் அந்த வீட்டுச் சொற்களாக இருக்கும். எங்கள் பட்டியலில் 'கார்பெட் ஏரியா' என்பதற்கு 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டத்தில் உள்ள பொருளையே எடுத்திருந்தார்கள். வெளிச்சுவர், பால்கனி எல்லாம் கழித்து, உள்சுவர்களைச் சேர்த்து, நாம் புழங்கும் இடம். ஒரு வீட்டுக்கு 780 சதுர அடி என்று ஒப்பந்தத்தின் உள்ளே இருந்தது. இரண்டாம் பின்னிணைப்பில் அட்டவணையின் தலைப்பு 'சூப்பர் பில்ட்-அப் ஏரியா', கீழே அதே 780. அந்தக் கணக்கில் சுவருக்கும் படிக்கட்டுக்கும் லிஃப்ட்டுக்கும் நான்கில் ஒரு பங்கு போனால், நம் கால் படும் இடம் 585 சதுர அடி. ஒரு படுக்கையறையே காணாமல் போகும். இதை ஆசிரியர் மாற்றவில்லை, அவர் பின்னிணைப்பைத் தொடவே இல்லை. ஆனால் உள்ளே திருத்துகிறவர் வெளியே ஒட்டியதையும் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் அதுவும் ஒப்பந்தத்தின் பகுதிதான்.

எல்லாச் சொல்லுக்கும் பொருள் எழுதிப் பட்டியலை நாலு பக்கம் ஆக்கச் சொல்லவில்லை. ஒருமுறை மட்டும் வரும் சொல்லுக்கு வரையறை தேவையில்லை, அங்கேயே விளக்கிவிடலாம். 'கதவு', 'ஜன்னல்' போன்றவற்றுக்கு அகராதி வேண்டாம். ஆனால் பணமோ, தேதியோ, அளவோ ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தால், அந்தச் சொல் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை சட்டை மாற்றாமல் வர வேண்டும்.

"இதெல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார்" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வக்கீல் பார்த்துத்தான் முதல் வரைவை எழுதினார். அதைத் திருத்தியது நாம். திருத்திய பிரதியை அவருக்குத் திரும்ப அனுப்பாமலேயே கையெழுத்துக்குத் தயாரானதும் நாம்தான். எங்கள் சரிபார்த்த பிரதி அவரிடம் போய், அவர் மேலும் இரண்டு திருத்தம் சொல்லி, போன மாதம்தான் கையெழுத்தானது. பில்டர் தரப்பு வாடகைப் பிரிவில் கொஞ்சம் முகம் சுளித்தது. ஆனால் முதல் வரைவில் அவர்களே ஒப்புக்கொண்டதுதான் என்பதால் ஒன்றும் பேசவில்லை.

ஆசிரியர் இரண்டு வாரம் என்னோடு நடக்க வரவில்லை. பிறகு ஒருநாள் காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டினார். கையில் அவர் மகன் பெங்களூரில் எடுக்கப் போகும் வாடகை வீட்டு ஒப்பந்தம். "சார், முன்பணம்னு ஒரு இடத்துல இருக்கு, டெபாசிட்னு ஒரு இடத்துல இருக்கு, அட்வான்ஸ்னு ஒரு இடத்துல இருக்கு. திருப்பித் தரேன்னு எழுதியிருக்கிறது டெபாசிட்டை மட்டும்தான். எண்ணிப் பார்த்தேன்" என்றார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி போடச் சொன்னேன்.